ஆறு விநாடியில் ஒரு டீக்கடை

யூடியூபில் ஒரு வீடியோவைத் தொட்டதும், தவிர்க்க முடியாமல் ஆறு விநாடி ஓடிவிட்டுப் போகும் விளம்பரத்துக்கு ‘பம்பர்’ என்று பெயர். 2016-இல் வந்தது. ஆயிரம் முறை காட்டினால் இவ்வளவு என்று பணம் வாங்குவார்கள்.

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடைக்கு இதை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இஞ்சி டீ, சுக்குக் காபி, சூடான வடை, சுத்தமான பால், இருபது வருஷ அனுபவம், அத்தனையும் வரவேண்டும் என்பார் கடைக்காரர். நியாயமான ஆசைதான். ஆனால் எல்லா டீக்கடையும் இதைத்தான் சொல்கிறது. இந்தக் கடைக்கு மட்டும் உள்ளது எது என்று கிளறினால், விடியற்காலை நாலு மணிக்கே பாய்லர் கொதித்துவிடும் என்பது கிடைக்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் தோன்றுவது ‘சுவையும் தரமும் ஒருங்கே’ போன்ற ஒரு வரி. கடைப் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் அது நெய்க்கும் பொருந்தும், மசாலாப் பொடிக்கும் பொருந்தும். தள்ளிவிடலாம். அடுத்து, ‘நுரை பொங்கும் சூடான டீ’. நுரையும் சூடும் படத்திலேயே தெரியப் போகிறதே! படத்தால் காட்ட முடியாததை வரி சொல்ல வேண்டும். ஆகவே: “நாலு மணி பஸ்ல இறங்குறீங்களா? டீ ரெடியா இருக்கும்.” இயல்பான வேகத்தில் சொன்னால் ஏறத்தாழ மூன்று விநாடி ஆகும். அதைவிட நீண்டால், குரல் ஓடத் தொடங்கிவிடும். கேட்பவர் மனதில் எதுவும் தங்காது.

படம், மாஸ்டர் டீ ஆற்றுவது. கடையைக் காட்டி, ஆளைக் காட்டி, பிறகு டீக்கு வர நேரமில்லை. முதல் நொடியிலேயே டீ மேலிருந்து இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் எடுத்தால் ஆவி தெரியாது. பின்னணி இருட்டாக இருந்து, டீக்குப் பின்பக்கம் ஒரு பல்பு எரிந்தால் ஆவியும் டீயின் நிறமும் துலங்கும். அந்த இருட்டே விடியற்காலை என்றும் சொல்லிவிடும். முதல் ஒன்றரை விநாடி ஆற்றும் சத்தம் மட்டும், பிறகு குரல். கடைசி ஒன்றரை விநாடியில் அதே படத்தின் மேல், கடைப் பெயரும் ‘மாட்டுத்தாவணி எதிரில்’ என்பதும் பெரிய எழுத்தில்.

முடித்ததும் சத்தத்தை அணைத்து, தெரியாத ஒருவருக்கு ஒரே ஒரு தடவை காட்டுங்கள். என்ன கடை, எங்கே என்று சொல்லிவிட்டால் போதும். “நல்லா எடுத்திருக்கீங்க” என்று மட்டும் சொன்னால் பெயர் பதியவில்லை. எழுத்தைப் பெரிதாக்க வேண்டும்.

எந்த இடத்தில், எந்த நேரத்தில் காட்டுவது என்பதையும் நாமே குறிக்கலாம். சென்னை பஸ்கள் பெரும்பாலும் மேலூர் வழியாகத்தான் மதுரைக்குள் வருகின்றன. மேலூரிலிருந்து மாட்டுத்தாவணி வரையிலான பகுதியில், மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் ஓடவிட்டால், தூக்கம் கலைந்து போனைக் கையில் எடுப்பவர் கண்ணில் படும். அந்த நேரத்தில் வீடியோ பார்ப்பவர்கள் குறைவு, அதனால் செலவும் குறைவாகத்தான் ஆகும். வடைக்கு ஆசைப்பட்ட கடைக்காரர், சாயங்காலத்துக்கு அதற்கென்று இன்னொரு ஆறு விநாடி எடுத்துக்கொள்ளலாம்.