'எல்லாரும் வாங்க' என்றால் யார் வருவார்?

"ஞாயிறு காலை பீச் கிளீனிங். எல்லாரும் கண்டிப்பா வாங்க!" தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பாளர் வாட்ஸ்அப்பில் இப்படிப் போட்டால் கட்டைவிரல்கள் குவியும், ஆட்கள் வரமாட்டார்கள். வருகிறவர்களும் ரப்பர் செருப்போடு, வெயில் ஏறிய பிறகு வருவார்கள்.

அதையே இப்படி எழுதலாம்: "ஞாயிறு காலை 6 முதல் 8 வரை. பெசன்ட் நகர் கடற்கரை, ஷ்மிட் நினைவுச் சின்னம் அருகே. நால்வர் ஒரு குழு: இருவர் குப்பை பொறுக்க, ஒருவர் சாக்கு பிடிக்க, ஒருவர் கணக்கு எழுத. கையுறை தருகிறோம், மூடிய ஷூ, தொப்பி, தண்ணீர் கொண்டுவாருங்கள். ஊசி, உடைந்த கண்ணாடி கண்டால் தொடாமல் குழுத் தலைவரைக் கூப்பிடுங்கள். அலையில் இறங்கக் கூடாது. 18 வயது நிரம்பாதவர்கள் பெற்றோருடன் வரவும். வெள்ளி மாலைக்குள் பெயர் தாருங்கள்."

முடியும் நேரம் தெரிந்தால் பத்து மணிக்கு வேறு வேலை உள்ளவரும் துணிந்து வருவார். கணக்கு எழுதும் வேலை இருப்பதால் குனிய முடியாத தாத்தாவும் வரலாம். பெயர்ப் பட்டியல் வந்தால்தான் எத்தனை ஜோடி கையுறை வாங்குவது என்று தெரியும். 'ஜாக்கிரதை' என்று மட்டும் எழுதினால், ஊசியைப் பார்த்தவர் நல்லெண்ணத்தில் கையாலேயே எடுத்துவிடுவார். அதை இடுக்கியால் எடுத்து, கெட்டியான மூடி போட்ட டப்பாவில் போடுவது குழுத் தலைவரின் வேலை.