காலையில் கூட்டம் வேண்டாம்

1990களில் லெஸ்லி பெர்லோ என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு மென்பொருள் குழுவின் வேலைநாளைக் கூர்ந்து கவனித்தார. பொறியாளர்கள் இரவிலும் விடுமுறையிலும் உழைத்துக்கொண்டிருந்தார்கள். பகலில் சக ஊழியர்கள் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால், சொந்த வேலையைத் தொடவே மாலையாகிவிட்டது. வாரத்தில் சில காலைகளில் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஏற்பாடு செய்து பார்த்தார் பெர்லோ. பலன் இருந்தது. ஆனால் ஆய்வு முடிந்ததும் பழைய வழக்கம் திரும்பிவிட்டது. கூப்பிட்டதும் ஓடிவருபவரையே நிர்வாகம் தொடர்ந்து பாராட்டியதுதான் காரணம்.

இப்போது பாதிப் பேர் வீட்டிலும் பாதிப் பேர் அலுவலகத்திலும் இருக்கும் குழுக்களுக்கு இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. பலர் கூட்டமில்லா நேரத்தை முதலில் குறித்துவிட்டு, மற்றதை அதைச் சுற்றி ஒட்டவைக்கப் பார்க்கிறார்கள். முறை தலைகீழாக இருந்தால் நல்லது. எல்லோரும் கட்டாயம் கிடைக்கும் பொது நேரத்தை முதலில் முடிவுசெய்ய வேண்டும். ‘கேள்வியை அப்போது கேட்டுக்கொள்ளலாம்’ என்ற நம்பிக்கை இருந்தால்தான் மற்ற நேரத்தில் யாரும் தொந்தரவு செய்யாமல் இருப்பார்கள். டிராப்பாக்ஸ் நிறுவனம் 2020இல் வீட்டிலிருந்தே வேலை என்ற முறைக்கு மாறியபோது, தினமும் நான்கு மணி நேரத்தை இப்படிப் பொதுவாக ஒதுக்கியது.

சென்னையில் ஆறு பேர், லண்டனில் இரண்டு பேர் உள்ள ஒரு குழு என்று வைத்துக்கொள்வோம். சென்னையின் பிற்பகல் 2.30 முதல் 5.30 வரை பொது நேரம். குளிர்காலத்தில் லண்டனில் அது காலை 9 முதல் 12 வரை. அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் கோடையில் 10 முதல் 1 வரை. இரண்டுமே தோதான நேரம். இதையே 2 மணிக்குத் தொடங்கினால், குளிர்காலத்தில் லண்டன்காரர் எட்டரைக்கே வந்து உட்கார வேண்டியிருக்கும். கோடையில் போட்ட அட்டவணை நவம்பரில் கடிப்பது இப்படித்தான்.

இனி சென்னையின் காலை 10 முதல் 12.30 வரை கூட்டம் கிடையாது. அரை மணித் துண்டுகளாக ஐந்து கிடைத்தாலும் இந்த ஒரே நீட்டு நேரத்துக்கு ஈடாகாது. நிரல் எழுதுபவருக்கு விட்ட இடத்தைப் பிடிக்கவே நேரம் பிடிக்கும். எல்லோரும் அலுவலகம் வரும் நாளில் இதை வற்புறுத்துவதில் அர்த்தமில்லை. பேசுவதற்காகத்தானே அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்? வீட்டிலிருக்கும் நாள்களுக்கு அது போதும்.

சர்வர் விழுந்தால்? அதற்கு ஒரே ஒரு வழி, தொலைபேசி அழைப்பு. அழைப்பை எடுக்கும் பொறுப்பு வாரம் ஒருவருக்கு. அவருடைய காலை அந்த வாரம் போனது போனதுதான், அதைக் கணக்கில் வைத்தே வேலை கொடுக்க வேண்டும். சாட்டில் வரும் செய்திக்கு 2.30க்குப் பதில் கிடைத்தால் தாமதம் என்று யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

ஏற்பாடு தளர்வது காலண்டரிலேயே தெரியும். ஒரு மாதத்துக்குப் பிறகு காலை நேரத்தில் எத்தனை அழைப்புகள் நுழைந்திருக்கின்றன, அவற்றை அனுப்பியவர் யார் என்று பார்த்தால் போதும். பெரும்பாலும் மேலாளர் பெயர்தான் முதலில் இருக்கும்.