ஊருக்கு 11 லட்சம் லிட்டர், அதற்கு மேல் வராது

ஏரியிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஒரு சின்னக் குழாய் வலையை எடுத்துக்கொள்வோம். நடுவே வடக்குத் தொட்டி, தெற்குத் தொட்டி என இரண்டு தொட்டிகள். ஏரியிலிருந்து வடக்குத் தொட்டிக்குப் போகும் குழாய் மணிக்கு 6 லட்சம் லிட்டர் தாங்கும். தெற்குத் தொட்டிக்குப் போவது 9 லட்சம். வடக்கிலிருந்து ஊருக்கு 8, தெற்கிலிருந்து ஊருக்கு 5. இவை போக, வடக்குத் தொட்டியிலிருந்து தெற்குத் தொட்டிக்கு 4 லட்சம் தாங்கும் இணைப்புக் குழாய் ஒன்று. அதில் ஒருவழி வால்வு இருப்பதால் எதிர்த்திசையில் தண்ணீர் போகாது. ஒரு தாளில் இதை வரைந்து, கோடுகளின் மேல் எண்களை எழுதிக்கொண்டால் மேற்கொண்டு படிப்பது எளிது.

ஊருக்கு மணிக்கு அதிகபட்சம் எவ்வளவு வரும்? அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் இருந்த ஃபோர்டு, ஃபல்கர்சன் என்ற இரு கணித அறிஞர்கள் 1950-களில் இதற்கு வழி சொன்னார்கள். ஏரியிலிருந்து ஊர்வரை இடம் மிச்சமிருக்கும் ஒரு பாதையைத் தேடு. அந்தப் பாதையில் எந்தக் குழாயில் மிச்சம் குறைவோ அந்த அளவுக்குத் தண்ணீர் விடு. பாதை கிடைக்காமல் போகும்வரை இதையே செய்.

வேண்டுமென்றே ஒரு மோசமான பாதையில் தொடங்குகிறேன். ஏரி, வடக்கு, தெற்கு, ஊர்: இணைப்புக் குழாய் 4-தான் தாங்கும் என்பதால் 4 போகிறது. அடுத்து ஏரி, வடக்கு, ஊர்: முதல் குழாயில் 2-தான் மிச்சம், 2 போகிறது. பிறகு ஏரி, தெற்கு, ஊர்: கடைசிக் குழாயில் 1 மிச்சம், 1 போகிறது. மொத்தம் 7. இனி முன்னோக்கிப் போக வழியே இல்லை. பலர் இங்கேயே கணக்கை முடித்துவிடுவார்கள்.

ஆனால் இணைப்புக் குழாயில் ஏற்கெனவே ஓடும் 4-ஐ நாம் திரும்பப் பெறலாம். முறையின் உயிர்நாடியே இதுதான். ஒரு குழாயில் எவ்வளவு ஓடுகிறதோ, அந்த அளவுக்கு அதில் எதிர்த்திசையிலும் பாதை இருப்பதாகக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது ஏரியிலிருந்து தெற்கு, அங்கிருந்து இணைப்புக் குழாய் வழியே பின்னோக்கி வடக்கு, அங்கிருந்து ஊர் என்று ஒரு பாதை கிடைக்கிறது. அதில் 4 போகும். நிஜத்தில் வால்வுக்கு எதிராக எந்தத் தண்ணீரும் ஓடவில்லை. வடக்கிலிருந்து தெற்குக்குத் திருப்பிவிட்ட 4 லட்சம் லிட்டர் இப்போது வடக்கிலிருந்தே நேராக ஊருக்குப் போகிறது. தெற்கில் அது விட்ட இடத்தை ஏரியிலிருந்து நேரே வரும் தண்ணீர் நிரப்புகிறது. இணைப்புக் குழாய் காலி. மொத்தம் 11.

இதற்கு மேல் முடியாது என்பதை எப்படி நம்புவது? ஏரியிலிருந்து இடம் மிச்சமிருக்கும் குழாய்கள் வழியே எதுவரை போக முடிகிறது என்று பாருங்கள். வடக்குக்குப் போகும் குழாய் நிரம்பிவிட்டது. தெற்குக்குப் போகும் 9-இல் 5-தான் ஓடுகிறது, எனவே தெற்குத் தொட்டியை எட்டலாம். அங்கிருந்து ஊருக்குப் போகும் குழாயும் நிரம்பிவிட்டது. இணைப்புக் குழாயில் திரும்பப் பெறவும் ஒன்றுமில்லை. ஆக, ஏரியும் தெற்குத் தொட்டியும் ஒரு பக்கம், வடக்குத் தொட்டியும் ஊரும் மறுபக்கம். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும் குழாய்கள் இரண்டே: ஏரி–வடக்கு 6, தெற்கு–ஊர் 5. கூட்டினால் 11. ஊருக்கு வரும் ஒவ்வொரு சொட்டும் இந்த இரண்டில் ஒன்றைக் கடந்தாக வேண்டும். எனவே 12 என்பது நடக்காத காரியம். இதைத்தான் மிகச்சிறிய வெட்டு என்கிறார்கள். இணைப்புக் குழாயின் 4-ஐயும் இதில் சேர்த்து 15 என்று சொல்வது வழக்கமான தவறு. அது மறுபக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வருவது, சேராது.

இந்த ஆராய்ச்சிக்குத் தூண்டுதலே வெட்டைப் பற்றிய யோசனைதான். சோவியத் ஒன்றியத்திலிருந்து கிழக்கு ஐரோப்பாவுக்குச் செல்லும் ரயில் பாதைகளில் எங்கே தடுத்தால் சரக்கு நிற்கும் என்று ஹாரிஸ், ராஸ் இருவரும் 1955-இல் ஓர் அறிக்கை எழுதினார்கள். 1999 வரை அது ரகசியமாகவே இருந்தது.

வெட்டு தெரிந்தால் பணத்தை எங்கே போடுவது என்பதும் தெரியும். ஏரி–தெற்குக் குழாயை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஊருக்கு ஒரு லிட்டர்கூடக் கூடாது. ஏரி–வடக்கைப் பெரிதாக்கினால் 13 வரை ஏறும். பிறகு ஊருக்குள் வரும் 8-ம் 5-ம் தடுத்துவிடும். தெற்கு–ஊர்க் குழாயை 9 ஆக்கினால் 15 கிடைக்கும். நான் அதைத்தான் மாற்றச் சொல்வேன்.

பெரிய வலைகளில் பாதையைக் கண்டபடி தேர்ந்தெடுத்தால் வேலை இழுத்துக்கொண்டே போகும். குறைவான குழாய்கள் கொண்ட பாதையை முதலில் எடுத்தால் போதும் என்று எட்மண்ட்ஸ், கார்ப் இருவரும் 1972-இல் காட்டினார்கள். நம் வலையிலும் அப்படித் தொடங்கியிருந்தால் 6, 5 என இரண்டே பாதைகளில் 11 வந்திருக்கும்.

இந்தக் கணக்கு அழுத்தத்தையும் உராய்வையும் மேட்டுப் பள்ளத்தையும் பார்ப்பதில்லை. நம் இஷ்டப்படி தண்ணீரைப் பிரித்துவிடலாம் என்று எடுத்துக்கொள்கிறது. நிஜக் குழாய்களில் தண்ணீர் தானாகவே பிரியும், வால்வுகளைத் திருகித்தான் அதைக் கட்டுப்படுத்த முடியும். அதனால் அங்கே 11-க்குக் குறைவாகவும் வரலாம். குழாய்களின் தாங்கும் அளவைச் சரியாக எழுதியிருந்தால், 11-ஐத் தாண்டி வராது.