ஏழில் செவ்வாய்: ஒரு ஜோதிடரின் கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கும் அம்மாவுக்கும்,

நீங்கள் கொடுத்துவிட்டுப் போன மகளின் ஜாதகத்தை இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தேன். நேரில் சொன்னால் பேச்சு பாதியிலேயே பரிகாரத்துக்குத் தாவிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

கட்டத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தை மாதத்தில் பொழுது சாயும் நேரத்தில் பிறந்தவள். கடக லக்னம், ஹஸ்த நட்சத்திரம், கன்னி ராசி. லக்னத்தை ஒன்று என்று வைத்து எண்ணினால் ஏழாவது கட்டம் மகரம். அங்கே செவ்வாய் இருக்கிறது. லக்னத்துக்கு 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் நின்றால் தோஷம் என்பது பொது விதி. முதலில் பார்த்தவர் இதை மட்டும் பார்த்துச் சொல்லியிருக்கிறார். ஆனால் செவ்வாய் தன் ஆட்சி வீடான மேஷத்திலோ விருச்சிகத்திலோ, உச்ச வீடான மகரத்திலோ இருந்தால் தோஷம் இல்லை என்ற விதிவிலக்கும் அதே சாஸ்திரத்தில்தான் இருக்கிறது. உங்கள் மகளுக்கு அது உச்சத்தில் இருக்கிறது. போதாததற்குக் கடக லக்னத்துக்குச் செவ்வாய் யோககாரகன். சந்திரனிலிருந்து எண்ணினால் ஐந்தாம் இடம். சுக்கிரனும் அதே மகரத்தில் இருப்பதால் அங்கிருந்து எண்ணினாலும் தோஷ இடமில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். 12 கட்டத்தில் 5 கட்டம் தோஷ இடம். லக்னம், சந்திரன், சுக்கிரன் என மூன்றிலிருந்தும் எண்ணி, விதிவிலக்கே பார்க்காமல் விட்டால் ஏறக்குறைய பத்தில் எட்டு ஜாதகம் தோஷ ஜாதகமாகிவிடும். அப்படியானால் ஊரில் பாதிக் கல்யாணம் எப்படி நடந்தது?

ஐந்து வருடமாகத் தரகரிடம் கொடுத்த குறிப்பில் 'செவ்வாய் தோஷம் உண்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்ததும் சுத்த ஜாதகக்காரர்கள் விலகிவிட்டார்கள். வந்த சிலரையும் 'தோஷம் சமமாக இல்லை' என்று நீங்களே திருப்பி அனுப்பினீர்கள். என் கணக்கில் தாமதத்துக்குப் பெரிய காரணம் அந்த ஒரு வரிதான். தோஷமே இல்லாத ஜாதகத்துக்கு ஹோமம் எதற்கு? வைத்தீஸ்வரன் கோயிலுக்கோ திருமணஞ்சேரிக்கோ போக மனம் விரும்பினால் போய் வாருங்கள், கும்பிடுவதற்காகப் போங்கள். கடன் வாங்கிப் பரிகாரம் செய்ய வேண்டாம்.

பொருத்தம் பார்ப்பதிலும் கொஞ்சம் தளர்த்துங்கள். பத்தில் ஏழு இருந்த வரன்களைக்கூட விட்டிருக்கிறீர்கள். நான் விட்டுக்கொடுக்காதது ரஜ்ஜு. ஹஸ்தத்துக்குக் கழுத்து ரஜ்ஜு. ரோகிணி, திருவாதிரை, ஹஸ்தம், சுவாதி, திருவோணம், சதயம் ஆகிய ஆறு நட்சத்திரத்தாரைத் தவிர்க்க வேண்டும். வேதை நட்சத்திரமான சதயமும் இந்த ஆறுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மிச்சம் 21 நட்சத்திரம் இருக்கிறது.

எப்போது நடக்கும் என்றுதானே அம்மா கேட்டீர்கள்? ராசிக்கு 2, 5, 7, 9, 11-ல் குரு வரும்போது குருபலம் என்போம். திருக்கணிதப்படி 2026 ஜூன் தொடக்கத்தில் குரு கடகத்துக்கு வருகிறார். கன்னிக்கு அது பதினொன்று. இடையில் அதிசாரமாகச் சிம்மம் போய்த் திரும்புவார். ராகு தசை 31 வயதில் முடிந்து குரு தசையும் தொடங்கிவிட்டது. நல்ல காலம்தான். ஆனால் மறைக்காமல் சொல்ல வேண்டும்: 2022-ல் குரு மீனத்துக்கு வந்தபோது ஏழில் இருந்தார், 2024 மே முதல் ஓராண்டு ரிஷபத்தில், ஒன்பதில் இருந்தார். இரண்டு முறையும் குருபலம் வந்தது, கல்யாணம் நடக்கவில்லை. எனவே இந்த மாதம், இந்தத் தேதி என்று நான் எழுதித் தரமாட்டேன். அப்படி எழுதித் தருபவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

அன்று நீங்கள் இருவரும் பேசிய ஒன்றரை மணி நேரத்தில் மகளுக்கு என்ன விருப்பம் என்று ஒரு வார்த்தை வரவில்லை. 32 வயது, சொந்த வேலை, சொந்தச் சம்பளம். எப்படிப்பட்டவர் வேண்டும், வேறு ஊருக்குப் போகச் சம்மதமா, மனதில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டீர்களா? இதற்கு விடை எந்தக் கட்டத்திலும் இல்லை. 'உன்னால்தான் வீட்டில் நிம்மதி இல்லை' என்று அம்மா சொன்னதாகச் சொன்னீர்களே, அதை இனிச் சொல்லாதீர்கள்.

தரகரிடம் உள்ள குறிப்பைத் திரும்ப வாங்கி, அந்தத் தோஷ வரியை அடித்துவிட்டு, ராசிக் கட்டத்தோடு புதிதாக எழுதிக் கொடுங்கள். யாராவது கேட்டால் 'ஏழில் செவ்வாய், மகரத்தில் உச்சம்' என்று சொல்லுங்கள்; விஷயம் தெரிந்தவர்களுக்குப் புரியும். அடுத்த முறை வரும்போது மகளையும் அழைத்து வாருங்கள், அவள் விரும்பினால் மட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஜோதிடர்