26-வது கிலோ

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மளிகைக் கடை. கல்லூரி விடுமுறையில் வந்த கடைக்காரரின் மகள் பில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, கணக்கை எக்செலில் ஏற்றுகிறாள். இது கதைதான். ஆனால் இதில் வரும் அரிசி மூட்டையும் சட்டமும் நிஜம்.

விலை போடும் விதத்தை அப்பாவிடமே கேட்டாள். "மூட்டை விலையை இருபத்தஞ்சால வகுத்து, கிலோவுக்கு நாலு ரூபா சேரு கண்ணு. அவ்வளவுதான்." அப்படியே தட்டினாள்:

```
=ROUND(B2/25+4,0)
```

1,300 ரூபாய் மூட்டைக்குக் கிலோ 56 என்று வந்தது. கடைப் பலகையிலும் 56தான். அப்பாவின் மனக்கணக்கில் தப்பு இருந்தால் அதையும் சேர்த்துத்தானே கணினி வாங்கிக்கொள்ளும்?

காட்டிக்கொடுத்தது இருப்புக் கணக்கு. பத்து மூட்டைக்கு 250 கிலோ வரவு. விற்றதோ 254 கிலோ. தாளில் இருப்பு மைனஸ் 4. கடையில் கடைசி மூட்டையின் அடியில் இன்னும் அரிசி கிடந்தது.

"ஒரே பில்லை ரெண்டு தடவை போட்டிருப்பே" என்றார் அப்பா. பில்களைச் சரிபார்த்தாள், அப்படி எதுவும் இல்லை. வீட்டுச் சமையலுக்கும் அதே மூட்டையிலிருந்துதான் அள்ளுவார்கள். அதற்குப் பில் கிடையாது. சிந்துவதும் உண்டு. இதனாலெல்லாம் கையிருப்பு கணக்கைவிடக் குறைய வேண்டுமே தவிர, கூடக் கூடாது. அப்படியானால் வரவில்தான் கோளாறு. பிரிக்காத ஒரு மூட்டையைப் புரட்டிப் பார்த்தாள். நிகர எடை: 26 கிலோ.

2022 ஜூலை 18 முதல், லேபிளோடு பொதிந்து விற்கும் அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்கு வரி இல்லை. அதனால் ஆலைகள் ஒரு கிலோவைக் கூடுதலாகப் போட்டு 26 கிலோ மூட்டைகளைச் சந்தைக்கு அனுப்பின. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. வரியில்லாத மூட்டை என்று கேட்டு வாங்கிய அப்பா, வகுக்கும் எண்ணை மட்டும் மாற்றவில்லை.

1,300-ஐ 26-ஆல் வகுத்தால் அடக்கவிலை 50; விற்க வேண்டியது 54. கிலோவுக்கு 2 ரூபாய் வாடிக்கையாளரிடம் அதிகமாக வாங்கியிருக்கிறார்கள். மூட்டைக்கு 100 ரூபாய் லாபம் என்று அப்பா நினைத்திருக்க, முழுக்க விற்ற மூட்டையில் 156 கிடைத்திருக்கிறது. நஷ்டம் வந்திருந்தால் முதல் மாதமே தேடியிருப்பார். கல்லாவில் கொஞ்சம் கூடுதலாக இருப்பதை எந்தக் கடைக்காரர் துருவிப் பார்க்கிறார்?

மகள் மூட்டை எடைக்குத் தனிப் பத்தி போட்டாள். சூத்திரத்தில் 25 இருந்த இடத்தில் `C2` வந்தது. பலகையில் 54 ஏறியது. ரொக்கத்துக்கு வாங்கிப்போனவர்களைத் தேடிப் பிடிக்க வழியில்லை. கடன் நோட்டில் மட்டும் யார் எத்தனை கிலோ வாங்கினார்கள் என்று தேதியோடு இருந்தது. அப்பா பழைய நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னார்.