வண்டிக் கடனுக்கு ஓயாமல் மணி அடிக்கிறதா?

மோட்டார் சைக்கிள் இல்லாத தோட்டக் குடும்பத்தை இன்று காண்பது அரிது. வேலைக்காட்டுக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும், டவுனில் சாமான் வாங்கவும் அதுதான் நமக்குக் கால். அந்த வண்டியின் மாதத் தவணை இரண்டு முறை தவறிவிட்டால் போதும், கைத்தொலைபேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கிவிடுகிறது. காலையில் ஒருவர், மத்தியானம் இன்னொருவர், இரவில் மூன்றாமவர். "இன்றைக்கே 700 வெள்ளி கட்டு. இல்லையென்றால் நாளைக்கு வண்டியை இழுப்போம், போலீசில் பிடித்துக் கொடுப்போம்" என்று அதட்டுகிறார்கள்.

இதைக் கேட்டுப் பயந்து சிலர் தாலிக்கொடியை அடகு வைக்கிறார்கள். சிலர் வண்டியை அடுத்த தோட்டத்து உறவினர் வீட்டில் மறைக்கிறார்கள். இரண்டுமே வேண்டியதில்லை. வண்டியை எப்போது, எப்படி எடுக்கலாம் என்பதை 1967-ஆம் ஆண்டுத் தவணைமுறைக் கொள்முதல் சட்டம் வரையறுத்திருக்கிறது. நாம் 'சேவா பெலி' என்று சொல்கிறோமே, அதுதான் இது. மோட்டார் சைக்கிளும் இச்சட்டத்துக்கு உட்பட்டதே.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் இளைஞர் 8,000 வெள்ளி ரொக்க விலையுள்ள வண்டியை 800 வெள்ளி முன்பணம் கட்டி எடுக்கிறார். மாதம் 210 வெள்ளி வீதம் 48 தவணை. இருபது தவணை ஒழுங்காகக் கட்டியபின், மழைக்காலத்தில் வேலைநாள் குறைந்து இரண்டு மாதம் தவறிவிடுகிறது. அவருடைய உண்மையான பாக்கி 420 வெள்ளி. தாமத வட்டி ஆண்டுக்கு 8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதையும் நாள் கணக்கில்தான் போட வேண்டும். முதல் தவணை 40 நாளும் அடுத்தது 10 நாளும் தாமதம் என்று வைத்துக்கொண்டால், வட்டி மூன்று வெள்ளிகூட வராது. அப்படியானால் தொலைபேசியில் கேட்ட 700 வெள்ளியில் மீதி எதற்கு? அந்தக் கேள்வியைத்தான் நீங்கள் முதலில் கேட்க வேண்டும். "கணக்கை எழுத்தில் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று கேட்பது உங்கள் உரிமை.

அடுத்து, "நாளைக்கே இழுப்போம்" என்ற மிரட்டல். தொடர்ந்தாற்போல் இரண்டு தவணைகள் தவறினால்தான் வண்டியை எடுக்கும் பேச்சுக்கே இடமுண்டு. அதன் பிறகும் நிறுவனம் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதன் பெயர் நான்காம் அட்டவணை அறிவிப்பு. மலாயில் 'ஜாடுவல் கெஅம்பாட்' என்று தலைப்பில் இருக்கும். அது உங்களிடம் சேர்ந்து குறைந்தது 21 நாட்கள் கழிய வேண்டும். அந்த 21 நாட்களுக்குள் பாக்கியைக் கட்டிவிட்டால் வண்டி உங்களிடமே இருக்கும். தொலைபேசி அழைப்பு எத்தனை வந்தாலும் அது இந்த அறிவிப்புக்கு ஈடாகாது.

இங்கே நம்மவர்கள் தவறும் இடம் ஒன்றுண்டு. பதிவுத் தபால் பெரும்பாலும் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வரும். கடன் கடிதம் என்று தெரிந்தால் சிலர் அதை வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் தோட்டம் மாறியபின் புது முகவரியைக் கொடுப்பதில்லை. நீங்கள் கடைசியாகக் கொடுத்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாலே சட்டப்படி போதும். கடிதத்தைப் பார்க்காமல் இருப்பதால் நாள் நிற்காது. உங்கள் 21 நாட்கள்தான் வீணாகும்.

தவணையாகக் கட்டிய தொகை ரொக்க விலையில் 75 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால் பாதுகாப்பு இன்னும் அதிகம். அப்போது நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது. நம் இளைஞருக்கு அந்த எல்லை 6,000 வெள்ளி. 20 தவணையில் அவர் கட்டியது 4,200 வெள்ளிதான். ஆகவே அவருக்கு அறிவிப்பே போதும். 29 தவணை கட்டியிருந்தால் 6,090 வெள்ளி ஆகியிருக்கும், உத்தரவு கட்டாயம் வேண்டும். ரசீதுகளைத் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

வண்டி எடுக்க வருபவரும் அதற்கான அனுமதி பெற்றவராக இருக்க வேண்டும். அனுமதியையும் அடையாள அட்டையையும் கேட்டுப் பாருங்கள். காட்ட மறுத்தால் சாவியைக் கொடுக்காமல் போலீசைக் கூப்பிடுங்கள், கைகலப்பு வேண்டாம். முறைப்படி எடுத்துப் போய்விட்டாலும் கதை முடிந்துவிடுவதில்லை. நிறுவனம் 21 நாட்களுக்குள் ஐந்தாம் அட்டவணை அறிவிப்பை அனுப்ப வேண்டும். அதன் பிறகு 21 நாட்கள் கழியும் முன் வண்டியை விற்கக் கூடாது. அந்த அவகாசத்தில் பாக்கியையும் எடுத்துச் சென்ற செலவையும் கட்டி மீட்கலாம்.

தவணை தவறியது சிவில் விவகாரம். அதற்காக மட்டும் போலீசார் உங்களைக் கைது செய்ய மாட்டார்கள். ஆனால் நிறுவனத்தை ஏமாற்ற எண்ணி வண்டியை விற்பதும் மறைப்பதும் குற்றமாகும். கடனில்லாத தகராறை அப்படிச் செய்து வரவழைத்துக்கொள்ளாதீர்கள். நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால் மட்டும் எக்காரணத்தாலும் போகாமல் இருக்காதீர்கள்.

இனி, தொலைபேசி அடிக்கும்போது என்ன செய்வது? பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வையுங்கள். அழைத்தவரின் பெயர், எந்த நிறுவனத்துக்காகப் பேசுகிறார், கணக்கு எண், தேதி, மணி, கேட்ட தொகை ஆகியவற்றை எழுதுங்கள். எழுதும்போது மனமும் அடங்கும், எதிரில் இருப்பவரின் குரலும் தானாகவே இறங்கும். பிறகு, "எழுத்தில் அனுப்புங்கள். நான் நிறுவனத்தோடு நேரில் பேசிக்கொள்கிறேன்" என்று ஒருமுறை சொல்லி வைத்துவிடுங்கள். திட்டினால் திருப்பித் திட்டாதீர்கள். முடியாத தேதியையும் தொகையையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தனியார் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு ஒரு காசும் போடாதீர்கள். நிறுவனத்தின் கணக்கில் மட்டும் கட்டி ரசீதை வாங்குங்கள்.

மரியாதையாக நினைவூட்ட ஒருவர் அழைப்பது தவறல்ல. ஆனால் தொந்தரவு செய்யவோ மிரட்டவோ எண்ணி மீண்டும் மீண்டும் அழைப்பது 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவின்படி குற்றம். அடிப்பேன், வீட்டைக் கொளுத்துவேன் என்பது குற்றவியல் சட்டப்படியும் குற்றம். நோட்டுப் புத்தகத்தையும் வந்த குறுஞ்செய்திகளையும் எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்தில் புகார் எழுதுங்கள். கிராணிக்கும் அண்டை வீட்டாருக்கும் அழைத்து மானத்தை வாங்கினால் அதையும் எழுதி வையுங்கள். உங்கள் தாயாரோ தம்பியோ ஜாமீன் கையெழுத்துப் போடவில்லையென்றால், "நீ கட்டு" என்று அவர்களைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. கையெழுத்துப் போட்டிருந்தால் அவர்களுக்கும் பொறுப்புண்டு.

நிறுவனம் சட்டத்தை மீறினால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சில் முறையிடலாம், எண் 1-800-886-800. கடன் வங்கியுடையதானால் பேங்க் நெகாராவுக்கு 1-300-88-5465 என்ற எண்ணில் சொல்லலாம். வங்கிக் கடன்கள் பல சேர்ந்து மூச்சு முட்டுகிறவர்களுக்கு ஏ.கே.பி.கே. நிறுவனம் 2006 முதல் இலவசமாக ஆலோசனை சொல்லி, தவணையைத் திருத்தி அமைத்துத் தருகிறது.

வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும். அதனால் நம் இளைஞர் செய்ய வேண்டியது இதுதான்: முகவரோடு மல்லுக்கு நிற்காமல், வரும் சம்பள நாளன்று ஒரு தவணையைக் கையில் எடுத்துக்கொண்டு நிறுவனக் கிளைக்குப் போக வேண்டும். மீதியை எந்த மாதம், எவ்வளவு வீதம் கட்டலாம் என்று பேசி, ஒப்புக்கொண்டதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த முறை மணி அடித்தால் அந்தக் காகிதத்தைப் பார்த்துப் படித்துக் காட்டினால் போதும்.