சமநிலை வரைபடம்: ஒரு கோணமும் ஓர் இடைவெளியும்

புதிய இயந்திரம் வாங்கக் கடன் பெற எண்ணும் தொழில்முனைவோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: "இலாபம் எவ்வளவு கூடும்?" அதனோடு சேர்த்துக் கேட்கவேண்டிய மற்றொரு கேள்வி உண்டு. விற்பனை எந்த அளவுக்குக் குறைந்தால் நட்டம் தொடங்கும்? இவ்விரண்டு கேள்விகளுக்கும் ஒரே தாளில் விடை தருவது சமநிலை வரைபடம். அதை வரைவதற்கு ஒரு வரைகட்டத் தாள், ஓர் அளவுகோல், ஒரு கோணமானி ஆகியவை போதும்.

விளக்கத்தின் பொருட்டு, பள்ளி நோட்டுப் புத்தகம் தயாரிக்கும் சிறு தொழிற்கூடம் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். அது மாதந்தோறும் 15,000 நோட்டுப் புத்தகங்களை, ஒன்று 40 ரூபாய் வீதம், மொத்த வியாபாரிகளுக்கு விற்கிறது. அதன் இப்போதைய இயந்திரத்தால் மாதம் 18,000 வரை தயாரிக்க இயலும்.

செலவை இரண்டாகப் பிரித்தல்

வரைவதற்கு முன் செலவுகளை இரு வகையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு புத்தகம் கூடுதலாகத் தயாரித்தால் எந்தச் செலவு கூடுகிறதோ அது மாறும் செலவு. நம் எடுத்துக்காட்டில் உள்தாள் 18 ரூபாய், அட்டை 3 ரூபாய், துண்டு வீதக் கூலி 5 ரூபாய், பின் கம்பியும் மின்சாரமும் கட்டுக் கட்டுதலும் 2 ரூபாய். ஆக ஒரு புத்தகத்துக்கு 28 ரூபாய்.

ஒரு புத்தகமும் தயாராகாத மாதத்திலும் கொடுத்தே தீரவேண்டியது நிலையான செலவு. வாடகை 35,000 ரூபாய், மேற்பார்வையாளர், கணக்கர் சம்பளம் 40,000, உரிமையாளர் தமக்கென எடுக்கும் ஊதியம் 20,000, இயந்திரத் தேய்மானம் 15,000, காப்பீடும் மின் இணைப்பின் நிலைக்கட்டணமும் 10,000; ஆக மாதத்துக்கு 1,20,000 ரூபாய்.

பிழை நேர்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். மின் கட்டணம் முழுவதையும் ஒரே பக்கத்தில் எழுதிவிடுவது வழக்கம். அதில் நிலைக்கட்டணம் ஒரு வகை, பயன்படுத்திய அலகுகளுக்கான கட்டணம் வேறு வகை. உரிமையாளரின் ஊதியத்தை விட்டுவிடுவது மற்றொரு பிழை. அதை விட்டால் சமநிலைப் புள்ளி உண்மையில் உள்ளதைவிட இடப்பக்கம் தள்ளி நின்று, தொழில் பாதுகாப்பாக இருப்பதுபோல் தோன்றும்.

வரைதல்

படுக்கைக் கோட்டில் விற்பனை எண்ணிக்கையைக் குறிப்போம். 2 சென்டிமீட்டருக்கு 2,500 புத்தகங்கள். செங்குத்துக் கோட்டில் ரூபாயைக் குறிப்போம். 2 சென்டிமீட்டருக்கு 1 இலட்சம். 2,500 புத்தகங்களின் விலையும் 1 இலட்சம் ரூபாய்தான் என்பதால் இரு அளவுகளும் ஒத்துப்போகின்றன. 20,000 புத்தகங்கள் வரை குறிக்க 16 சென்டிமீட்டர் நீளம் போதும்.

முதலில் 1,20,000 ரூபாய்க்குரிய உயரத்தில், அதாவது 2.4 சென்டிமீட்டரில், படுக்கையாக ஒரு கோடு வரைக. இது நிலையான செலவுக் கோடு. அடுத்து அக்கோடு இடப்பக்கம் செங்குத்துக் கோட்டைத் தொடும் இடத்திலிருந்து மொத்தச் செலவுக் கோட்டைத் தொடங்குக. 20,000 புத்தகங்களுக்கு மாறும் செலவு 5,60,000. நிலையான செலவையும் சேர்த்தால் 6,80,000. ஆகவே அக்கோடு வலப்பக்க எல்லையில் 13.6 சென்டிமீட்டர் உயரத்தை அடையும். இறுதியாக, தொடக்கப் புள்ளியிலிருந்து விற்பனைக் கோடு. அது 20,000 புத்தகங்களில் 8 இலட்சம் ரூபாயை, அதாவது 16 சென்டிமீட்டரை எட்டும்.

விற்பனைக் கோடும் மொத்தச் செலவுக் கோடும் வெட்டிக்கொள்ளும் இடமே சமநிலைப் புள்ளி. அங்கிருந்து கீழ்நோக்கிக் கோடு இறக்கினால் 10,000 புத்தகங்கள். இடப்பக்கம் நோக்கினால் 4 இலட்சம் ரூபாய் விற்பனை. கணக்கால் சரிபார்ப்பதும் எளிது. ஒவ்வொரு புத்தகமும் 40 ரூபாயில் 28 போக 12 ரூபாயை நிலையான செலவுக்குப் பங்களிக்கிறது. 1,20,000 ரூபாயை 12 ஆல் வகுத்தால் 10,000. வரைபடமும் வகுத்தலும் ஒரே விடையைத் தரவில்லையென்றால், ஏதோ ஒரு கோடு தவறான இடத்தில் தொடங்கியிருக்கிறது என்று பொருள்.

படித்தல்

சமநிலைப் புள்ளிக்கு இடப்புறம் செலவுக் கோடு மேலேயும் விற்பனைக் கோடு கீழேயும் உள்ளன. இடையிலுள்ள முக்கோணம் நட்டப் பகுதி. வலப்புறம் கோடுகள் இடம் மாறுகின்றன. அங்கே விரியும் பகுதி இலாபப் பகுதி. இலாபமோ நட்டமோ எவ்வளவு என்பதைப் பகுதியின் பரப்பைக் கொண்டு அறிவதில்லை; குறிப்பிட்ட விற்பனை அளவில் இரு கோடுகளுக்கும் இடையிலுள்ள செங்குத்து இடைவெளியைக் கொண்டே அறிகிறோம். 15,000 புத்தகங்களில் அந்த இடைவெளி 1.2 சென்டிமீட்டர், அதாவது 60,000 ரூபாய் இலாபம். விற்பனையே இல்லாத இடத்தில் இடைவெளி 2.4 சென்டிமீட்டர், நிலையான செலவு முழுவதும் அங்கே நட்டமாகிறது.

இப்போதைய விற்பனைக்கும் சமநிலைப் புள்ளிக்கும் இடையிலுள்ள கிடைத்தூரம் பாதுகாப்பு எல்லை எனப்படும்; 'மார்ஜின் ஆஃப் சேஃப்டி' என்று கணக்காளர்கள் குறிப்பிடுவது இதைத்தான். இங்கே அது 15,000க்கும் 10,000க்கும் இடையிலுள்ள 5,000 புத்தகங்கள். விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு குறையும் வரை இந்தத் தொழிற்கூடம் நட்டத்தைத் தொடாது.

சமநிலைப் புள்ளியில் இரு கோடுகளும் வெட்டும்போது உண்டாகும் கோணம் படுகோணம். நம் அளவுத்திட்டத்தில் விற்பனைக் கோடு 45 பாகையில் ஏறுகிறது. செலவுக் கோடு ஏறத்தாழ 35 பாகையில் ஏறுகிறது. எனவே படுகோணம் சுமார் 10 பாகை. சமநிலையைக் கடந்தபின் இலாபம் எவ்வளவு விரைவாகச் சேரும் என்பதை இக்கோணம் காட்டுகிறது. அதே கோணம் இடப்புறத்திலும் திறந்திருக்கிறது என்பதை மறத்தலாகாது. இலாபம் விரைந்து சேரும் தொழிலில், விற்பனை சமநிலைக்குக் கீழே இறங்கினால் நட்டமும் அதே விரைவில் சேரும்.

கோணத்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை தேவை. செங்குத்து அளவை நீட்டியோ சுருக்கியோ வரைந்தால் கோணமும் மாறிவிடும். ஆகவே இரு நிலைகளை ஒப்பிடும்போது ஒரே தாளில், ஒரே அளவுத்திட்டத்தில் வரைய வேண்டும். கணினித் திரையில் தனித்தனியாக வரைந்த இரு படங்களின் கோணங்களைக் கண்ணால் ஒப்பிடுவது ஏமாற்றத்தில் முடியும்.

இயந்திரம் வாங்கினால்

இத்தொழிற்கூடம் 30 இலட்சம் ரூபாய்க்கு முழுத் தானியங்கி இயந்திரம் ஒன்றை வாங்க எண்ணுகிறது; அதில் 24 இலட்சம் கடன், வட்டி ஆண்டுக்கு 11 விழுக்காடு என்று கொள்வோம். கூலி புத்தகத்துக்கு 5 ரூபாயிலிருந்து 2 ரூபாயாகிறது. தாள் வீணாவதும் 1 ரூபாய் அளவுக்குக் குறைகிறது. மாறும் செலவு 24 ரூபாய். பங்களிப்பு 16 ரூபாய். மறுபக்கம் தொடக்கத்தில் மாத வட்டி 22,000 ரூபாய், பத்தாண்டுக் கணக்கில் தேய்மானம் 25,000, இயக்குநர் சம்பளம் 23,000, பராமரிப்பு 10,000 என நிலையான செலவு 80,000 ரூபாய் கூடி 2 இலட்சமாகிறது.

அதே தாளில் வேறு வண்ணத்தில் புதிய செலவுக் கோட்டை வரைக. அது 4 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கி, முன்னதைவிடச் சாய்வாக ஏறி, வலப்பக்க எல்லையில் அதே 13.6 சென்டிமீட்டரை அடைகிறது. சமநிலைப் புள்ளி 12,500 புத்தகங்களுக்கு நகர்கிறது. படுகோணம் சுமார் 14 பாகையாக விரிகிறது. பாதுகாப்பு எல்லையோ 5,000 புத்தகங்களிலிருந்து 2,500ஆகப் பாதியாகிறது.

கோணம் விரிந்ததை மட்டும் பார்ப்பவர் இயந்திரம் இலாபம் தரும் என்பார். ஆனால் இப்போதைய 15,000 புத்தக விற்பனையில் இலாபம் 60,000 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாகக் குறைகிறது. விற்பனை 11,000க்கு இறங்கினால், பழைய ஏற்பாட்டில் 12,000 ரூபாய் இலாபம் எஞ்சும். புதிய ஏற்பாட்டில் 24,000 ரூபாய் நட்டம். இரு செலவுக் கோடுகளும் சந்திக்கும் 20,000 புத்தகங்களுக்கு அப்பாலேயே புதிய செலவுக் கோடு பழையதற்குக் கீழே செல்கிறது. பழைய இயந்திரத்தால் 18,000க்கு மேல் தயாரிக்க இயலாது என்பதால், அதன் செலவுக் கோட்டை அந்த அளவோடு நிறுத்தி, மீதியைப் புள்ளிக்கோடாகக் காட்டுவதே நேர்மையானது. அந்த உச்ச அளவில் பழைய இயந்திரம் தரும் இலாபம் 96,000 ரூபாய். புதிய இயந்திரம் அதே இலாபத்தைத் தர 18,500 புத்தகங்கள் விற்க வேண்டும்.

ஆகவே முடிவு இயந்திரத்தின் திறனைப் பொறுத்ததன்று. இப்போதைய 15,000க்கு மேல் மாதம் இன்னும் 3,500 புத்தகங்களுக்கு உறுதியான கொள்முதல் இருக்கிறதா என்பதே கேள்வி. இருந்தால் விரிந்த கோணம் பயன் தரும். இல்லையென்றால் சுருங்கிய பாதுகாப்பு எல்லை மட்டுமே மிஞ்சும்.

வரைபடம் காட்டாதவை

இலாபச் சமநிலையும் தவணை கட்டும் சமநிலையும் ஒன்றல்ல. வட்டி செலவுக் கோட்டில் அடங்கியிருக்கிறது, அசல் அடங்கவில்லை. 24 இலட்சத்தை 60 மாதங்களில் சம அளவில் திருப்பினால், மாதம் 40,000 ரூபாய் அசலாகச் செல்லும். புதிய இயந்திரத்தின் தேய்மானமான 25,000 ரூபாய் கையிலிருந்து வெளியேறாத செலவு. அதைக் கழித்து அசலைக் கூட்டினால், 2 இலட்சத்துக்குப் பதிலாக 2,15,000 ரூபாயைப் புத்தகங்களின் பங்களிப்பு ஈட்ட வேண்டும். அதற்கு 13,438 புத்தகங்கள் விற்றாக வேண்டும். 12,500க்கும் இந்த எண்ணுக்கும் இடைப்பட்ட மாதங்களில் ஏட்டில் இலாபம் இருக்கும். தவணைக்குப் பணம் போதாது.

தயாரித்தவை அனைத்தும் அதே மாதத்தில் விற்றுவிடுகின்றன என்றும் வரைபடம் கொள்கிறது. நோட்டுப் புத்தகத் தொழிலோ பள்ளி திறக்கும் பருவத்தையொட்டி ஏறி இறங்குவது. ஆகவே ஆண்டின் சராசரி விற்பனைக்கு ஒரு செங்குத்துக் கோடும், விற்பனை மிகக் குறைந்த மாதத்துக்கு மற்றொன்றும் வரைக. இரண்டாவது கோடு சமநிலைப் புள்ளிக்கு இடப்புறம் விழுந்தால், அத்தகைய மாதங்களின் நட்டத்தை நல்ல மாதங்களின் இலாபம் ஈடுகட்டுமா என்பதைக் கணக்கிட்ட பிறகே கடன் விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும்.